ரஸ்தாளிக்கு இன்னொரு பெயர்

காட்டூரில் என் வீட்டு அலமாரியின் மேல் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. உள்ளே ஐந்துக்கு மூன்று அங்குலத்தில் அட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் இரும்புக் கம்பி நுழைய ஒரு துளை. நான் வேலை பார்த்த கல்லூரி நூலகம் அட்டைப் பட்டியலைக் கைவிட்டபோது எடைக்குப் போடவிருந்த இழுப்பறைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். என் பேரன் அதை மிட்டாய்ப் பெட்டி என்று நினைத்து இரண்டு முறை திறந்து ஏமாந்திருக்கிறான்.

1983-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை வருவார். வாழையின் வாடல் நோய் பற்றிப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. வெளிநாட்டிலிருந்து வரும் சுருக்க இதழ்களின் ஆண்டுப் பொருளடைவை எடுத்துக் கொடுப்பேன். தோட்டக்கலைக்கு ‘ஹார்ட்டிகல்ச்சரல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்ற இதழ் இருந்தது. வாழை என்ற தலைப்பைப் பிடித்து, அதன் கீழ் நோய்கள் என்று இறங்கினால் எண்கள் வரிசையாக நிற்கும். எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, தொகுதியைப் புரட்டி, சுருக்கத்தைப் படிப்பார். வேண்டியது என்று தோன்றினால் கட்டுரை எழுதியவருக்கே ஒரு தபால் அட்டை போடுவார், ஒரு பிரதி அனுப்புங்கள் என்று. பிரதி வர மாதங்கள் ஆகும், சில சமயம் வராமலே போகும்.

இந்த ஏற்பாட்டில் ஒன்றை அப்போது நான் கவனித்ததே இல்லை. கட்டுரையை எழுதியவருக்கும் தேடுகிற பேராசிரியருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கோ ஒரு மேசையில் கட்டுரையைப் படித்து, இது வாழை, இது நோய், இது பூஞ்சை என்று பெயர் வைத்தவர். எழுதியவர் தன் ஊர் வழக்கில் எந்தப் பெயரை வைத்திருந்தாலும் அந்த ஆள் அதைப் பொதுப் பெயருக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். எழுதியவரின் வேலை தலைப்போடு முடிந்தது.

அந்த மூன்றாவது ஆளின் வேலைக்கு இலக்கணம் எழுதியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் நம் பக்கத்துக்காரர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அதையொட்டி அவர் வகுத்த சங்கிலி முறைதான் நாங்கள் நூலகப் படிப்பில் மனப்பாடம் செய்தது. ஒரு நூலின் பொருளைச் சங்கிலியாக நீட்டவேண்டும்: வேளாண்மை, தோட்டக்கலை, வாழை, நோய், வாடல். பிறகு கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கிப் படித்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் அட்டை. வாடல் என்று தேடுகிறவருக்கு ‘வாடல், நோய், வாழை’. வாழை என்று வருகிறவருக்கு ‘வாழை, தோட்டக்கலை’. தேடுகிறவர் எந்தப் படியிலிருந்து நுழைந்தாலும் ஒரு கதவு இருக்கும். பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் 1950 முதல் 1970 வரை இந்த முறையில்தான் பொருளடைவு போட்டது என்பதை எங்கள் ஆசிரியர் பாடம் நடத்தும்போது கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்வார்.

எழுதியவர் தலையில் சுமை ஏறத் தொடங்கியது ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் செய்த ஒரு வேலையால். 1950களின் கடைசியில் அவர் கட்டுரைத் தலைப்புகளைக் கணிப்பொறியில் ஏற்றி, தலைப்பிலுள்ள முக்கியச் சொல் ஒவ்வொன்றையும் அகரவரிசையில் அடுக்க வைத்தார். படித்துப் பெயர் வைக்கும் ஆள் அதற்குத் தேவையில்லை. ஆனால் தலைப்பில் இல்லாத சொல் அடைவிலும் இருக்காது. ‘ஒரு விசித்திரமான நிகழ்வு பற்றிச் சில குறிப்புகள்’ என்று அழகாகத் தலைப்பு வைத்தவர் அன்றைக்கே காணாமல் போனார்.

இன்று என் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். திருவெறும்பூர் பக்கத்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் மடிக்கணினியோடு வந்திருந்தார். ரஸ்தாளி வாழையின் வாடல் நோய்க்கு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை நடவுக்குழியில் இட்டுப் பார்த்த ஆய்வு. அவருடைய கட்டுரை இன்னும் அச்சேறவில்லை என்பதால் கீழே வரும் எண்களும் வாக்கியங்களும் நான் மாதிரிக்காக மாற்றி அமைத்தவை. அவர் பட்ட அவதி மட்டும் அப்படியே அவருடையது.

“சார், ஆறு கீவேர்ட் கேக்குறாங்க. அப்புறம் ஹைலைட்ஸுன்னு ஒரு ஃபைல் தனியாக் கேக்குறாங்க. ஆய்வுக்கு மூணு வருஷம் ஆச்சு. இது அஞ்சு நிமிஷ வேலைன்னு நெனச்சேன். ஒரு தடவை திரும்பி வந்துருச்சு.”

திரும்பி வந்ததற்கு ஒரு சின்னக் காரணம், ஒரு பெரிய காரணம். முதலில் பெரியது. அவர் கொடுத்திருந்த ஆறு திறவுச்சொற்கள் இவை:

```
banana; wilt; disease; farmers; agriculture; Trichy
```

ஆறும் உண்மை. ஆறாலும் பயனில்லை. வாழை என்று மட்டும் தேடினால் வாழைப்பழ மாவு முதல் வாழைநார்ப் புடவை வரை ஆயிரக்கணக்கில் வந்து விழும். அதில் நம் கட்டுரை எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. ‘வாடல்’ என்ற சொல் செய்த கோளாறு இன்னும் மோசம். இதழாசிரியர்கள் மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுக்கத் திறவுச்சொற்களையும் பார்க்கிறார்கள். கட்டுரையை வாங்கும் மென்பொருளும் அவற்றை வைத்துப் பெயர்களை எடுத்துக் கொடுக்கிறது. வாடல் என்றால் வாழையில் வரும் பூசண வாடலும் உண்டு, தக்காளி, கத்தரியில் வரும் பாக்டீரியா வாடலும் உண்டு. இவருடைய கட்டுரை தக்காளிக்காரர் ஒருவரிடம் போயிருக்கிறது என்பது வந்த குறிப்புகளிலிருந்தே தெரிந்தது. பாக்டீரியாவை ஏன் பிரித்தெடுத்துக் காட்டவில்லை என்று கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அழைப்பிதழில் இருந்த முகவரிக்கு வந்தார், பாவம்.

இங்கேதான் அந்த மூன்றாவது ஆள் இல்லாத குறை தெரிகிறது. எழுதுகிறவர் தன் கட்டுரைக்குள் நின்றுகொண்டு பெயர் வைக்கிறார். தேடுகிறவர் வெளியே நிற்கிறார். ரஸ்தாளி என்பது திருச்சிக்காரருக்கு ஒரே சொல். காந்தி மார்க்கெட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும். ஆந்திராவில் அது அமிர்தபாணி. கர்நாடகத்தில் ரசபாளே, வங்கத்தில் மர்த்தமான், பீகாரில் மால்போக். பாலக்காட்டைத் தாண்டினால் அதைப் பூவன் என்கிறார்கள். நம் பூவனுக்கு அங்கே பாளையங்கோடன் என்று பெயர். வாழை ஆராய்ச்சியாளர்கள் உலக அளவில் பொதுவாக இதைச் சில்க் என்ற துணைக்குழுவில் வைத்து, ஏஏபி என்ற மரபணுத் தொகுப்பில் சேர்க்கிறார்கள். பிரேசிலில் இருந்துகொண்டு இதே வகையின் வாடலை ஆராய்கிறவர் ரஸ்தாளி என்று ஒருநாளும் தட்டச்சு செய்யப்போவதில்லை. திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இரண்டு பெயரும் தெரியும். ஆனால் நம் கட்டுரை அவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதுமா?

போதாக்குறைக்கு எழுத்துக்கூட்டல். ரஸ்தாளியை ஆங்கிலத்தில் Rasthali என்றும் எழுதுகிறார்கள், Rastali என்றும் எழுதுகிறார்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான். Trichy என்று இவர் போட்டிருந்தார். பழைய கட்டுரைகளில் Trichinopoly இருக்கும், இன்றைய முறையான வடிவம் Tiruchirappalli. ஊரின் பெயரே தேவையா என்பது வேறு கேள்வி. ஆய்வு இந்த மண்ணுக்கே உரிய ஒன்றைச் சொல்வதாக இருந்தால் தேவை. இல்லாவிட்டால் மாநிலம் போதும் என்பது என் கட்சி.

அதனால் இவருக்கு முதலில் சொன்னது: உங்கள் தலைப்பை எழுதிப் பாருங்கள். தலைப்பில் ரஸ்தாளி, வாழை, ஃபியூசேரியம் வாடல், டிரைக்கோடெர்மா அஸ்பெரெல்லம் நான்கும் ஏற்கெனவே இருந்தன. ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளத்தில் தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் மூன்றையும் ஒன்றாகத் தேடும் வழி இருக்கிறது:

```
TITLE-ABS-KEY("Silk banana" AND "Fusarium wilt")
```

அப்படித் தேடும்போது தலைப்பில் இருக்கிற சொல்லைத் திறவுச்சொல்லிலும் போடுவது ஒரே வீட்டுக்கு இரண்டு பூட்டு வாங்குவது மாதிரி. இருக்கிற ஆறு இடமும் தலைப்பில் வராத, ஆனால் இன்னொருவர் இதே பொருளை அழைக்கக்கூடிய பெயர்களுக்கு. சில இதழ்கள் தலைப்புச் சொல்லைத் திரும்பப் போடாதீர்கள் என்று வழிகாட்டிக் குறிப்பிலேயே சொல்லிவிடுகின்றன. வேறு சில எதுவும் சொல்வதில்லை. முதலில் அந்தக் குறிப்பைப் படிக்கவேண்டும்.

ஒவ்வொரு சொல்லையும் தரவுத்தளத்தில் அடித்துப் பார்த்தோம். எனக்கு ஒரு சோதனை உண்டு. வருகிற முதல் இருபது கட்டுரைகளின் தலைப்புகளைப் படிக்க வேண்டும். நாம் மேற்கோள் காட்டிய ஆட்கள், நாம் பொறாமைப்படுகிற ஆட்கள் அதில் இருந்தால் அது நம் தெரு. பட்டுப்புழு வந்தால் தெரு மாறிவிட்டது என்று அர்த்தம். வெறும் ‘சில்க்’ என்று போட்டபோது பட்டுப்புழுதான் வந்தது, அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் வாழையைச் சேர்த்து ஒரே தொடராக ஆக்கியதும் சரியாயிற்று. ஒன்றிரண்டு கட்டுரைதான் வருகிறது என்றால் அந்தச் சொல்லை நம்மைத் தவிர யாரும் சொல்வதில்லை. அதை விட்டுவிடலாம். முடிவில் நின்றது இது:

```
Panama disease; Silk banana; Musa AAB;
Fusarium oxysporum f. sp. cubense; biological control; Tamil Nadu
```

பனாமா நோய் என்பது அதே வாடலின் பழைய, புகழ்பெற்ற பெயர். நோய்ப் பூஞ்சையின் முழுப் பெயர் நோயியல்காரருக்கு. ‘பயாலஜிகல் கன்ட்ரோல்’ நோய் எதுவானாலும் உயிரிகளைக் கொண்டு அடக்குகிறவர்களுக்கு, அவர்களில் ஒருவர்தான் நல்ல மதிப்பீட்டாளராகவும் இருப்பார். ரங்கநாதனின் சங்கிலியை யோசித்துப் பாருங்கள்: பயிர், நோய், அதன் காரணி, தடுக்கும் முறை, இடம். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கதவு. இதைச் சொன்னபோது மாணவிக்கு ரங்கநாதனின் பெயர் தெரிந்திருந்தது, சங்கிலி தெரியவில்லை. கற்றுக்கொடுக்க இப்போது யாருக்கு நேரம்?

கூகுள் ஸ்காலர் முழுக் கட்டுரையையும் துழாவுகிறதே, திறவுச்சொல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முழுப் பாடமும் அதற்குக் கிடைக்கிற இடத்தில் அந்தக் கேள்வி நியாயம்தான். அங்கேயும் கட்டுரைக்குள் எங்காவது சில்க் என்ற சொல் ஒருமுறையாவது இருந்தால்தானே அகப்படும்? இவருடைய முதல் வடிவத்தில் அது ஓரிடத்திலும் இல்லை. முன்னுரையில் ‘ரஸ்தாளி (சில்க் துணைக்குழு)’ என்று ஒரு சேர்க்கை போடச் சொன்னேன்.

அடுத்தது ஹைலைட்ஸ். இது என் காலத்தில் கிடையாது. கட்டுரையின் முதல் பக்கத்தில் சுருக்கம் இருக்கும், அவ்வளவுதான். எல்செவியர் வெளியிடும் பல இதழ்கள் மூன்று முதல் ஐந்து புள்ளி வாக்கியங்கள் கேட்கின்றன. ஒவ்வொன்றும் இடைவெளியையும் சேர்த்து 85 எழுத்துகளுக்குள் இருக்கவேண்டும். இதழாசிரியர் காலையில் வரிசையில் நிற்கிற கட்டுரைகளைப் புரட்டும்போது முதலில் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. வெளியான பிறகு இணையத்தில் சுருக்கத்துக்குப் பக்கத்தில் நிற்பதும் இது. மாணவியின் முதல் வாக்கியம்:

```
Application of Trichoderma asperellum to the planting pit reduced
Fusarium wilt incidence significantly in Rasthali banana
```

எண்ணினோம். 122. முப்பத்தேழு எழுத்து போகவேண்டும். அவர் சொற்களைச் சுருக்கப் பார்த்தார். இன்சிடென்ஸ் என்பதை முதலெழுத்தாக்கலாமா, பூஞ்சைக்குச் சுருக்கப் பெயர் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புள்ளி வாக்கியம் தனியாக நிற்கும். அதற்கு மேலே விளக்கம் இல்லை, கீழே அடிக்குறிப்பு இல்லை. ஆய்வகத்துக்குள் புழங்கும் சுருக்கெழுத்து வெளியாளுக்குப் பூட்டு. எதை எடுக்கலாம் என்று பார்த்தால் வெட்டவேண்டியது தானாகத் தெரிகிறது. ‘அப்ளிகேஷன்’ என்ற சொல் ஒரு வேலையும் செய்யவில்லை. அஸ்பெரெல்லம் தலைப்பில் இருக்கிறது. வாழை என்பது ரஸ்தாளிக்குள் இருக்கிறது. ‘குறிப்பிடத்தக்க அளவில்’ என்பதுதான் பெரிய குற்றவாளி. பதின்மூன்று எழுத்து எடுத்துக்கொண்டு எவ்வளவு என்று சொல்லாமல் போகிறது.

“எவ்வளவும்மா குறைஞ்சுது?”

“நாப்பது சதவீதம் இருந்தது பதினஞ்சா ஆச்சு சார்.”

“அதைத்தானே சொல்லணும்?”

```
Trichoderma in the planting pit cut wilt in Rasthali from 40% to 15% of plants.
```

79 எழுத்து, முற்றுப்புள்ளியோடு. கடைசி இரண்டு சொல்லை அவர் எடுக்கப் பார்த்தார். இருக்கட்டும் என்றேன். எத்தனை செடிக்கு நோய் வந்தது என்பதும், வந்த செடியில் எவ்வளவு தீவிரம் என்பதும் வேறு வேறு அளவுகள். சதவீதத்தை மட்டும் விட்டால் மதிப்பீட்டாளர் இரண்டில் எதென்று கேட்பார். நோய்ப் பூஞ்சையின் முழு அறிவியல் பெயர் மட்டுமே 33 எழுத்து, ஒரு வாக்கியத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால்தான் அதைத் திறவுச்சொல் பக்கம் அனுப்பினோம்.

அவர் எழுதியிருந்த மற்ற நான்கில் இரண்டு, என்ன செய்தோம் என்று சொன்னதே தவிர என்ன கண்டோம் என்று சொல்லவில்லை. ‘விரிவாக ஆராயப்பட்டது’, ‘ஒப்பிடப்பட்டது’ என்று முடிகிற வாக்கியம் எல்லாமே இந்த வகை. இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த வாக்கியத்தை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதியிருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அதில் முடிவு இல்லை. இன்னொன்று, விவசாயிகளின் வருமானம் பெருகும் என்றது. வருமானத்தை அவர் அளக்கவே இல்லை. அடித்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக, அவர் கட்டுரையின் பதினான்காம் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்ததை மேலே கொண்டுவந்தோம். தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் தேங்கிய வயல்களில் இந்த மருந்து வேலை செய்யவில்லை.

```
Benefit vanished in plots waterlogged for over a week.
```

54 எழுத்து. “இது நம்ம குறையை நாமே சொல்ற மாதிரி இல்லையா சார்?” என்றார். காவிரிக் கரையில் வாழை வைக்கிறவருக்கு இதைவிடத் தேவையான செய்தி அந்தக் கட்டுரையில் இல்லை என்பது என் எண்ணம். இதழாசிரியருக்கும் அதுவே புதுசாகத் தெரியக்கூடும். மருந்து வேலை செய்தது என்று சொல்லும் கட்டுரை நிறைய வருகிறது. எங்கே நிற்கிறது என்று சொல்லுவது குறைவு. ஒருநாள் முழுக்க அவர் யோசித்துவிட்டு மறுநாள் சரி என்று செய்தி அனுப்பினார்.

எல்லாம் ஆசிரியர் தலையில் வந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு. படித்துப் பெயர் வைக்கிற ஆட்கள் முழுதாகப் போய்விடவும் இல்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் தனக்கென்று ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறது. உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் அக்ரோவோக் என்ற சொற்களஞ்சியத்தில் வாழைக்கும் அதன் நோய்களுக்கும் பொதுப் பெயர்கள் இருக்கின்றன, யாரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். நாங்கள் பார்த்தோம். புதிய பட்டியலில் ‘பயோகன்ட்ரோல்’ என்று அவர் முதலில் எழுதியதை ‘பயாலஜிகல் கன்ட்ரோல்’ என்று மாற்றியது அதைப் பார்த்துத்தான்.

திரும்பி வந்ததற்குச் சின்னக் காரணம் ஒன்று சொன்னேன் அல்லவா. ஹைலைட்ஸைத் தனிக் கோப்பாகக் கேட்டிருந்தார்கள், கோப்பின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கவேண்டும் என்றும் குறிப்பில் எழுதியிருந்தார்கள். இவர் சுருக்கத்தின் அடியிலேயே ஒட்டி அனுப்பியிருந்தார். இந்த முறை கோப்புக்குப் பெயர் இப்படி:

```
Highlights.docx
```

உள்ளே நான்கு வாக்கியங்கள். மிக நீளமானது 79 எழுத்து.